ஆண்டுக்கொரு தேர்

சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் மூன்று தேர்கள் ஓடும். நாஞ்சில் நாட்டில் தேர் என்றால் முன்னோர் செதுக்கிவைத்த மரம். உளுத்த கட்டையை மாற்றுவோம், அச்சைச் சரிபார்ப்போம், மற்றதைப் பொத்திக் காப்போம். ஆனால் ஒரு தேரை அடியிலிருந்து கட்டுவதை ஒரு ஆசாரி தன் ஆயுளில் ஒருமுறை பார்த்தாலே பெரிது.

பூரியில் வழக்கம் வேறு. ஜெகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவருக்கும் ஆண்டுதோறும் புதுத் தேர் கட்டுகிறார்கள். தேர்ச்சிற்பங்கள், மரக் குதிரைகள், சாரதிகள் போன்ற சிலவற்றை மட்டும் எடுத்துவைத்து மறுபடி பூட்டுவார்கள். மூலவர் திருமேனிகளையே புதிதாகச் செய்யும் நவகளேபர ஆண்டில் அவையும் மாறும்; கடைசியாக அது நடந்தது 2015-இல்.

அட்சய திருதியையன்று வேலை தொடங்கும். ரத யாத்திரைக்கு ஏறக்குறைய இரண்டு மாதமே இருக்கும். ஜெகந்நாதரின் தேருக்கு 16 சக்கரம், பலபத்திரருக்கு 14, சுபத்திரைக்கு 12. ஆக 42 சக்கரங்கள். ஒரு சக்கரம் என்பது குடம், ஆரக்கால்கள், வட்டை என்று பல துண்டுகள். குடத்தில் துளை சற்றுக் கோணினால் அந்த ஆரக்கால் சாயும், வட்டை வளையும், பாரம் ஏறியதும் சக்கரம் ஆடும். எவ்வளவு இறுக்கினால் போதும், எவ்வளவு இறுக்கினால் மரம் பிளக்கும் என்பதை ஏட்டில் எழுதிக் கொடுக்க முடியாது. மகாரணா எனப்படும் தச்சர் குடும்பங்களில் அது கையால்தான் இறங்குகிறது. முதல் ஆண்டு மரம் பிடித்துக் கொடுத்த பையன், அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆரக்கால் சீவுகிறான், பிறகு துளை போடுகிறான். 42 சக்கரம் செய்தாக வேண்டும் என்பதால் ஒரே ஆண்டிலேயே பலமுறை கை பழகிவிடும். பிழை நேர்ந்தால் திருத்தத் தலைமைத் தச்சர் பக்கத்திலேயே நிற்கிறார். விழா முடிந்ததும் தேரைப் பிரித்துவிடுவார்கள். மரத்தின் ஒரு பகுதி கோயில் மடைப்பள்ளி அடுப்புக்குப் போகும்.

எனக்கு இதில் வியப்பு, ஒருமுறை கட்டுவதற்கும் மறுமுறை கட்டுவதற்கும் உள்ள இடைவெளியின் கணக்குதான். ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறார்கள். 690-இல் தொடங்கிய வழக்கம், கடைசியாக 2013-இல் நடந்தது. இளைஞனாக ஒருமுறை, தேர்ந்த தச்சனாக ஒருமுறை, மேற்பார்வை செய்ய ஒருமுறை என்று ஒருவரே மூன்று தடவை பார்க்கலாம். 15, 16-ஆம் நூற்றாண்டுப் போர்களில் அது நூறாண்டுக்கும் மேலாக நின்றுபோனது. மீண்டும் தொடங்கியபோது முந்தையதைக் கட்டிய கை ஒன்றுகூட உயிரோடில்லை. வடிவத்தில் சில அப்போது மாறிப்போயின என்றே கட்டடக்கலை வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள்.

பூரிக்கு வேறொரு கவலை உண்டு. தச்சர் இருந்தும் மரம் இல்லாமல் போகலாம். பாசி, தௌரா போன்ற காட்டு மரங்களில் தேருக்கேற்ற பருமன் வர பல பத்தாண்டு ஆகும்; வெட்டுவதோ ஆண்டுதோறும். அதனால் ஒடிசா வனத்துறை 2000-இல் ஜெகந்நாதர் பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கி, தேர் மரங்களை நட்டு வளர்க்கிறது.