மாமனார் போட்ட வாட்ச்

மதுரைப் பக்கம் ஒரு குடும்பம். எழுபதுகளில் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மாமனார் ஒரு எச்.எம்.டி. ஜனதா வாட்ச் போட்டார். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961-ல் பெங்களூரில் தொடங்கிய அரசு ஆலையின் தயாரிப்பு அது. பேட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்க வேண்டும். அந்த மாப்பிள்ளை காலையில் பல் தேய்த்த கையோடு சாவி கொடுப்பார், இறுகியதும் அதற்கு மேல் ஒரு சுற்றுகூடத் திருக மாட்டார். ஓய்வு பெறும்வரை வாட்ச் தகராறு செய்ததில்லை.

மகனுக்கு வேலை கிடைத்ததும் அதைக் கழற்றி அவன் கையில் கட்டினார். ஆனால் அதற்குள் குவார்ட்ஸ் காலம் வந்துவிட்டது. மகன் கொஞ்ச நாளில் பேட்டரி வாட்சுக்கு மாறினார். ஜனதா பீரோவுக்குள் போனது.

பல வருஷம் கழித்து, கல்லூரிக்குப் போகும் தன் மகளுக்குக் கொடுக்கலாம் என்று வெளியே எடுத்தார். சாவி கொடுத்தால் ஓடியது, கொஞ்ச நேரத்தில் நின்றது. உதறினார், மறுபடி ஓடி மறுபடி நின்றது. இப்படி உதறி உதறி ஓட்டுவதுதான் பழைய வாட்சுக்குச் செய்யும் பெரிய கெடுதல். சும்மா கிடந்தாலும் உள்ளே விட்ட எண்ணெய் காய்ந்து பிசினாகிவிடும். அந்த நிலையில் ஓட்டினால் சக்கரங்களின் ஊசிமுனை அச்சுகள் தேயும்.

ரிப்பேர்காரர் முழுதாகப் பிரித்துக் கழுவி, கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு, குண்டூசித் தலையைவிடச் சின்னச் சொட்டாக எண்ணெய் வைத்தார். கீறல் விழுந்த கண்ணாடி உண்மையில் அக்ரிலிக் என்பதால் தேய்த்தே பளபளப்பாக்கிவிட்டார். மஞ்சள் பூத்த டயலுக்குப் புதுசாகப் பெயின்ட் அடிக்கச் சொன்னபோது மட்டும் மறுத்துவிட்டார். அடித்தால் ஆலையில் அச்சிட்ட எழுத்து போய்விடும் என்றார். அவர் செய்தது சரி. பழைய வாட்சின் மதிப்பே அந்த எழுத்தில்தான்.

பேத்தி கட்டத் தொடங்கிய சில மாதத்தில் புதுக் கோளாறு: வாட்ச் நாளுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் முந்தியது. ரிப்பேர்காரர் அதைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் ஒரு திசைகாட்டியை வைத்தார், முள் துடித்தது. காந்தம் ஏறியிருக்கிறது. மயிரிழை போன்ற ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் குட்டையானதுபோல் வேகமாக ஆடும், முள்ளும் ஓடும். தினமும் இரவில் ஸ்பீக்கர் மேல் வாட்சைக் கழற்றி வைத்திருக்கிறாள். காந்தம் நீக்கும் கருவியில் காட்டி எடுக்கச் சில விநாடிதான் ஆனது.

எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. இன்று ஒரு சக்கரம் தேய்ந்தால் பெரும்பாலும் இன்னொரு பழைய வாட்சைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். உங்கள் வீட்டு பீரோவிலும் அப்படி ஒன்று கிடந்தால், சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள். முதலில் சர்வீசுக்குக் கொடுங்கள்.