சாட்சியின் நிச்சயம்

1984ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துப் பர்லிங்டன் நகரில், வீட்டில் தனியே உறங்கிக்கொண்டிருந்த கல்லூரி மாணவி ஒருத்தியைக் கத்திமுனையில் ஒருவன் பலாத்காரம் செய்தான். உயிர் தப்பினால் இவனைத் தண்டனைக்கு உள்ளாக்கியே தீருவது என்ற சங்கற்பத்தோடு, அந்தக் கோர வேளையிலும் அவனுடைய முகத்தை அவள் அங்குலம் அங்குலமாக மனத்தில் பதித்துக்கொண்டாள். இதைவிடச் சிரத்தையுள்ள சாட்சி எந்த நீதிமன்றத்துக்கும் கிடைப்பது அரிது. ஆயினும் அவள் அடையாளம் காட்டிய ரொனால்ட் காட்டன் நிரபராதி.

போலீசார் அவள் முன் ஆறு புகைப்படங்களை வைத்தார்கள். குற்றவாளியின் படம் அவற்றில் இல்லை. இத்தகைய சமயங்களில், 'இவர்களுள் எவனும் இல்லை' என்று சொல்வதற்குப் பதிலாக, இருப்பவர்களுள் தன் ஞாபகத்துக்கு மிகவும் ஒத்தவன் யார் என்று தேடுவதே மனித சுபாவம். சில நிமிஷங்கள் தயங்கியபின் அவள் காட்டனின் படத்தை எடுத்தாள். நன்றாகச் செய்ததாக அதிகாரி பாராட்டினார். பின்னர் நடந்த அடையாள அணிவகுப்பில், அந்தப் படங்களிலிருந்து வந்து நின்றவர் காட்டன் ஒருவரே. பழகிய முகமாகத் தோன்றியது உண்மைதான். ஆனால் அந்தப் பழக்கம் புகைப்படத்தால் வந்ததென்பதை ஞாபகம் பிரித்துச் சொல்வதில்லை. முன்பு தேர்ந்த அதே ஆள்தான் என்று போலீசார் சொன்னதும், எஞ்சியிருந்த சந்தேகமும் மறைந்தது. 1987இல் நடந்த மறுவிசாரணையில், ஜூரிகள் இல்லாத வேளையில், மெய்யான குற்றவாளியாகிய பாபி பூலை அவள் எதிரிலேயே நிறுத்தியபோது, இவனைத் தான் பார்த்ததே இல்லை என்று அவள் மனப்பூர்வமாகச் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. பூலின் முகம் இருந்த இடத்தில் காட்டனின் முகம் குடியேறிவிட்டது.

கேரி வெல்ஸ், ஏமி பிராட்பீல்டு என்னும் இரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 1998இல் வெளியிட்ட பரிசோதனை இதைத் தெளிவாக்குகிறது. ஒரு காட்சியைப் பார்த்தவர்களிடம், குற்றவாளி இல்லாத படவரிசையைக் கொடுத்தார்கள். எல்லோரும் தவறாகவே தேர்ந்தார்கள். 'சந்தேகத்துக்குரியவனையே காட்டினீர்கள்' என்ற ஒரு வார்த்தையைக் கேட்ட சிலர், தாம் தேர்ந்த கணத்திலேயே உறுதியாக இருந்ததாகவும், முகத்தை நன்றாகப் பார்த்ததாகவும் பிற்பாடு கூறினார்கள். பாராட்டு, பிந்திய நம்பிக்கையை மட்டுமல்ல, முந்திய காட்சியின் ஞாபகத்தையுமே மாற்றிவிட்டது. இத்தகைய சாட்சியைக் குறுக்கு விசாரணையால் அசைப்பது கடினம்; அவர் மறைக்கும் உண்மை எதுவும் இல்லையே!

பத்தரை ஆண்டுகள் சிறையிலிருந்த காட்டனை, 1995இல் மரபணுப் பரிசோதனை விடுவித்தது. பூலும் குற்றத்தை ஒப்புக்கொண்டான். வட கரோலினா 2007இல் சட்டம் இயற்றியது: சந்தேகத்துக்குரியவர் யாரென்று அறியாத ஒருவரே படங்களைக் காட்ட வேண்டும், குற்றவாளி அவற்றில் இல்லாமலும் இருக்கலாம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும், சாட்சியின் உறுதி எவ்வளவு என்பதை அவருடைய சொந்த வார்த்தையிலேயே பதிய வேண்டும். என் அபிப்பிராயத்தில் மூன்றாவதே தலையாயது. ஏனெனில், மரபணுத் தடயம் எதுவும் எஞ்சாத வழிப்பறி வழக்குகளில், சாட்சியின் முதல் தயக்கத்தைப் பின்னாளில் அறிய அந்த ஏட்டைத் தவிர வேறு வழியில்லை.