மாத்திரை அட்டையின் நறுக்கப்பட்ட ஓரம்

நோயாளி ஒருவரின் மகள் அண்மையில் எங்கள் மருந்தகப் பிரிவுக்கு ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். நான்கு மாத்திரைகள் எஞ்சிய செஃபிக்சிம் அட்டையும், அதே மருந்தின் காலிப் பெட்டியும் அதில் இருந்தன. “பெட்டியில் 08/2026 என்றிருக்கிறது. அப்பாவுக்கு மீண்டும் காய்ச்சல். இதைக் கொடுக்கலாமா?” என்று கேட்டிருந்தார்.

08/2026 என்பது எட்டாம் தேதியைக் குறிப்பதன்று. அந்த ஆண்டின் ஆகஸ்ட் மாதக் கடைசி நாள் வரை என்பதே பொருள். ஆனால் அது பெட்டிக்குரிய தேதி. அட்டையில் தேதி அச்சிடப்பட்ட ஓரம் கத்தரிக்கப்பட்டிருந்தது. எஞ்சிய விளிம்பில் தொகுதி எண்ணின் இறுதி இலக்கங்கள் மட்டும் 42 எனத் தெரிந்தன. பெட்டியிலோ அவை 17. இரண்டும் வெவ்வேறு தொகுதிகள். ஆகவே பெட்டியின் தேதி அந்த அட்டைக்குப் பொருந்தாது. தொகுதி எண் முழுவதும் ஒத்திருந்தால் மட்டுமே பெட்டியைப் பார்த்து அட்டையின் காலாவதியை அறிய இயலும். மாத்திரைகளைப் பிரித்து வாங்குவோர், தேதியுள்ள பகுதியைக் கடைசி வரை விட்டுவைப்பது நல்லது. தேதியற்ற துண்டு கையில் கிடைத்தால், கடையிலேயே முழு அட்டையைக் காட்டச் சொல்லிக் குறித்துக்கொள்ளலாம்.

பெட்டியில் “30 டிகிரி செல்சியசுக்கு மிகாமல், ஒளியும் ஈரமும் படாமல்” வைக்குமாறு குறிப்பிட்டிருந்தது. காலாவதித் தேதி இந்த நிபந்தனைக்கு உட்பட்டது. அடுப்படி அலமாரியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ இருந்த மருந்துக்கு அத்தேதி உறுதியளிக்காது. இவ்வாசகத்தைக் கண்டு குளிர்பதனப் பெட்டியில் வைப்போரும் உண்டு. அதற்கு அவசியமில்லை, அங்கு வைக்க வேண்டிய மருந்துகளில் 2 முதல் 8 டிகிரி என்றே அச்சிட்டிருக்கும். திறக்காத இன்சுலின் அத்தகையது.

இனி, அவர் கேட்காத கேள்விக்கு வருவோம். அட்டையின் இடப்புறம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடியது. பலர் இதை அலங்காரம் என்றே எண்ணுகின்றனர். மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து என்பதன் அடையாளம் அது. அருகில் ‘ஆர்எக்ஸ்’ என்ற குறியும் சிவப்பிலேயே இருந்தது; சிவப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையும் இருந்தது. இவை ‘எச்1’ அட்டவணை மருந்துக்குரியவை. இம்மருந்தை விற்கும் கடை, எழுதித் தந்த மருத்துவரின் பெயர், நோயாளியின் பெயர், விற்ற அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காக்க வேண்டும். சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் தூக்க மருந்துகளும் இந்த அட்டவணையில் உள்ளன. தூக்க மருந்துகள் பலவற்றில் அக்குறிக்கு முன் ‘என்’ என்ற எழுத்தும் சேர்ந்திருக்கும்.

அந்தச் சீட்டு முந்தைய நோய்க்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு எழுதப்பட்டது. நான்கு மாத்திரைகள் எஞ்சியதே அப்போது மருந்து முழுமையாக உட்கொள்ளப்படவில்லையோ என்ற ஐயத்தை எழுப்பியது. எனவே, தேதி சரியாக இருந்திருந்தாலும் கொடுக்க வேண்டாம் என்றே பதிலளித்தோம். தந்தையை மறுநாள் காலை புறநோயாளிப் பிரிவுக்கு, அந்த அட்டையுடன், அழைத்து வருமாறு கேட்டுக்கொண்டோம்.