ரீஃபண்ட் எங்கே நிற்கிறது?

சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கிறார். கடை என்று பார்த்தால் அவரும் தங்கையும் ஒரு கணினியும்தான். சேலையைத் திருப்பி அனுப்பியவர்கள் “என் பணம் எங்கே?” என்று கேட்டு அனுப்பும் செய்திகளுக்கு என்ன பதில் எழுதுவது என்று கேட்கிறார். “ஐந்து முதல் ஏழு வேலை நாட்களில் வந்துவிடும் என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துப்போச்சு. எங்கிருந்து எண்ணுவது, அதுவும் தெரியவில்லை.”

அந்தக் கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது.

சேலை வாங்கும்போது இரண்டே விநாடியில் போன பணம் திரும்பி வர ஏன் ஒரு வாரம் என்பதுதான் எல்லோருக்கும் வரும் கோபம். நியாயமான கோபம், ஆனால் ஒரு சின்னத் தவறான எண்ணத்தின் மேல் நிற்கிறது. அந்த இரண்டு விநாடியில் கடைக்குப் பணம் போகவில்லை. உங்கள் அட்டையைக் கொடுத்த வங்கி, “இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு” என்று கடைக்காரரின் வங்கிக்கு ஒரு வாக்கு கொடுத்தது, அவ்வளவுதான். பணம் அதற்குப் பிறகு, கோப்பு கோப்பாகக் கணக்கு தீர்க்கப்பட்டு, ஓரிரு நாள் கழித்துத்தான் கடைக்காரரின் கணக்கில் விழுகிறது. அந்தக் காத்திருப்பைக் கடைக்காரர் பார்த்தார், நீங்கள் பார்க்கவில்லை. ரீஃபண்ட் அதே பாதையில் எதிர்த்திசையில் வருகிறது: கடை, பணப்பரிமாற்ற நிறுவனம், கடைக்காரரின் வங்கி, வீசா அல்லது மாஸ்டர்கார்டு, கடைசியாக உங்கள் வங்கி. இப்போது காத்திருப்பவர் நீங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கிரெடிட் கார்டில் வாங்கிய சிறிது நேரத்திலேயே ஆர்டரை ரத்து செய்துவிட்டால், கணக்கு தீர்க்கும் கோப்பில் அந்தத் தொகை ஏறுவதற்கு முன்பே வங்கி பிடித்துவைத்ததை விட்டுவிடும். அப்போது வரவு என்று எதுவும் வராது. பற்று வரியே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். வரவைத் தேடிக்கொண்டிருப்பவரிடம் இதைச் சொல்லாவிட்டால் அவர் மாதக்கணக்கில் தேடுவார்.

இனி எனக்குப் பிரியமான விஷயத்துக்கு வருகிறேன். வீசா, மாஸ்டர்கார்டு வழியாகத் திரும்பும் ஒவ்வொரு தொகைக்கும் 23 இலக்கம் கொண்ட ஓர் எண் ஒட்டியிருக்கும். ஏ.ஆர்.என். என்பார்கள். இதைச் சும்மா வரிசை எண் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் இலக்கம் வடிவக் குறி. அடுத்த ஆறும் கடைக்காரரின் வங்கியைச் சொல்லும். எட்டாவதிலிருந்து பதினொன்றாவது வரையுள்ள நான்கும் தேதி. அதில் மாதம் கிடையாது. ஆண்டின் கடைசி இலக்கமும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும்தான். 2024 ஜனவரி 25 என்றால் 4025. டிசம்பர் 31 என்றால், அது லீப் ஆண்டு என்பதால், 4366. அதற்கடுத்த பதினொரு இலக்கங்களும் வங்கி தன் கணக்குக்கு இடுபவை. கடைசி ஒன்று சரிபார்ப்புக்கு. எங்காவது ஓர் இலக்கம் மாறிவிட்டால் கணக்கு இடித்துக் காட்டிவிடும்.

அந்தப் பதினொரு இலக்கங்களுக்கு இன்னமும் பிலிம் எண் என்றுதான் பெயர். கார்பன் தாள் வைத்து, அட்டையின் எழுத்துகளை உருளையால் அழுத்திச் சீட்டுப் போட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தச் சீட்டுகளை வங்கிகள் மைக்ரோபிலிமில் படமெடுத்து வைத்தன. யாராவது தகராறு செய்தால், எந்தச் சுருளில் எந்தப் படம் என்று தேடிப்போக இந்த எண் வேண்டியிருந்தது. பிலிம் போயே போய்விட்டது. இடம் மட்டும் எண்ணுக்குள் அப்படியே இருக்கிறது.

இந்த எண் கையில் இருந்தால் எதைக் கண்டுபிடிக்கலாம்? கடையின் வங்கி ரீஃபண்டை உண்மையிலேயே அனுப்பிவிட்டதா, என்றைக்கு அனுப்பியது என்ற இரண்டையும். அந்நாளில் ஊருக்கு மணியார்டர் அனுப்பினால் தபால் அலுவலக ரசீதைப் பெட்டியில் பத்திரப்படுத்துவோம்; பணம் சேரவில்லை என்றால் அதைக் காட்டித்தான் கேட்க முடியும். ஏ.ஆர்.என். அந்த ரசீது. வாடிக்கையாளர் தன் வங்கியில் “ஒரு சேலைக்கடைப் பணம் வரணும்” என்றால் தேட மாட்டார்கள். ஏ.ஆர்.என். சொன்னால் தேடியாக வேண்டும். யுபிஐயில் இந்த வேலையை 12 இலக்கக் குறிப்பு எண் செய்கிறது. அங்கே பணமும் பெரும்பாலும் சீக்கிரம் வந்துவிடுவதால் சண்டை குறைவு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாடிக்கையாளர் 2024 ஜனவரி 17 அன்று சேலையைக் கூரியரிடம் கொடுக்கிறார். 20-ஆம் தேதி கடைக்கு வருகிறது. பிரித்துப் பார்த்து, கறை இல்லை என்று உறுதி செய்து, 24-ஆம் தேதி புதன்கிழமை மாலை கடைக்காரர் ரீஃபண்ட் பொத்தானை அழுத்துகிறார். மறுநாள் 25-ஆம் தேதி வங்கிக் கோப்பில் ஏறுகிறது, ஏ.ஆர்.என்.னில் 4025. அடுத்த நாள் வெள்ளி, குடியரசு தினம். 27 நான்காவது சனி, வங்கி விடுமுறை. 28 ஞாயிறு. ஆக முதல் வேலை நாள் 29, திங்கள். ஐந்தாவது வேலை நாள் பிப்ரவரி 2. பிப்ரவரி 3 முதல் சனி, வங்கி உண்டு, அது ஆறாவது. ஏழாவது பிப்ரவரி 5, திங்கள்.

வாடிக்கையாளர் எண்ணுவது வேறு. அவருக்குச் சேலை கையை விட்டுப் போன 17-தான் முதல் நாள். ஜனவரி 31 அன்று அவர் கோபத்தோடு எழுதும்போது அவர் கணக்கில் அது பதினைந்தாவது நாள். வங்கிக் கணக்கில் மூன்றே வேலை நாள். இருவரும் பொய் சொல்லவில்லை. “5–7 வேலை நாட்கள்” என்ற வாக்கியத்தில் தொடக்கத் தேதி இல்லாததுதான் சண்டைக்குக் காரணம்.

ஆகவே அம்மணி, நாட்களை எழுதாதீர்கள், தேதிகளை எழுதுங்கள். இப்படி:

“வணக்கம். உங்கள் சேலை 20-ஆம் தேதி எங்களிடம் வந்தது. சரிபார்த்து 24-ஆம் தேதி மாலை 1,450 ரூபாயைத் திருப்பி அனுப்பினோம். எங்கள் வங்கி 25-ஆம் தேதி அதை அனுப்பிவிட்டது, ஏ.ஆர்.என். கீழே உள்ளது. 26, 27, 28 வங்கி விடுமுறை. பிப்ரவரி 2 முதல் 5-ஆம் தேதிக்குள், நீங்கள் வாங்கிய அதே கிரெடிட் கார்டில் வரவாகும். சேமிப்புக் கணக்கில் வராது. 5-ஆம் தேதி மாலை வரை வரவில்லை என்றால் இந்த எண்ணோடு உங்கள் வங்கியைக் கேளுங்கள். எங்களுக்கும் எழுதுங்கள், நாங்கள் எங்கள் பக்கம் கேட்கிறோம். சரிபார்க்க நாங்கள் எடுத்துக்கொண்ட நான்கு நாட்களுக்கு வருந்துகிறோம்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தாமதத்தில் எது கடையுடையது, எது வங்கியுடையது என்று பிரித்துக் காட்டுவது அந்த வரிதான். கார்டில் வரும், சேமிப்பில் வராது என்ற வரியும் அவசியம். “வரவே இல்லை” என்று வரும் புகார்களில் பல, பணம் கார்டுக் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்க, வாடிக்கையாளர் பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதால் வருபவை.

பொத்தானை அழுத்தி மூன்று நான்கு வேலை நாள் ஆகியும் ஏ.ஆர்.என். வரவில்லை என்றால் வாடிக்கையாளரின் வங்கியைக் குறை சொல்லாதீர்கள். பணம் இன்னும் உங்கள் பக்கமே நிற்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பல பணப்பரிமாற்ற நிறுவனங்கள், அன்றைய விற்பனையிலிருந்து உங்களுக்குத் தர வேண்டிய தொகையில்தான் ரீஃபண்டைக் கழிக்கின்றன. விற்பனை மந்தமான வாரத்தில் கழிக்கத் தொகை போதாவிட்டால் ரீஃபண்ட் நிலுவையில் தொங்கும். திரையில் அது தெரியும்; கணக்கில் பணம் போட்டால்தான் நகரும். “நாங்கள் அனுப்பிவிட்டோம்” என்று அப்போது எழுதுவது பொய். எண் வந்த பிறகும் பணம் வரவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் மறுபக்கம்: கார்டு மாற்றப்பட்டிருக்கும், அல்லது கணக்கே மூடப்பட்டிருக்கும். கார்டு மட்டும் மாறியிருந்தால் வங்கி பொதுவாகப் பழைய எண்ணைப் புதியதோடு இணைத்துத் தேடிக்கொள்ளும். கணக்கு மூடியிருந்தால் வாடிக்கையாளரே வங்கியிடம் எழுதிக் கேட்க வேண்டியிருக்கும்.

பெரிய கடைகள் சில செய்வதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. உள்ளே யாரோ ஒருவர் “சரி, கொடுக்கலாம்” என்று தீர்மானித்த நொடியிலேயே “உங்கள் ரீஃபண்ட் முடிந்தது” என்று செய்தி அனுப்பிவிடுகிறார்கள். பொத்தான் இரண்டு நாள் கழித்துத்தான் அழுத்தப்படும். வாடிக்கையாளர் வங்கிக்கு ஓடுவார், வங்கியில் ஒன்றுமிருக்காது. இன்னொரு தந்திரம், கேட்காமலேயே தொகையைக் கடையின் வாலட்டில் போட்டுவிட்டு “உடனடி ரீஃபண்ட்” என்று பெருமை பேசுவது. பணப்பரிமாற்ற நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வகுத்த விதி தெளிவானது: வாடிக்கையாளர் வேறு வழிக்கு ஒப்புக்கொண்டால் ஒழிய, பணம் வந்த வழியிலேயே திரும்ப வேண்டும்.

நாளுக்கு நூறு ரூபாய் இழப்பீடு கேட்கலாமே என்று சில வாடிக்கையாளர்கள் உங்களிடமே எழுதுவார்கள். அது இருக்கிறது, ஆனால் வேறு இடத்துக்கு உரியது. 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, தோல்வியடைந்த பரிவர்த்தனைகளைப் பற்றியது: கணக்கில் பணம் பிடிக்கப்பட்டது, கடைக்கு உறுதி வரவில்லை என்ற வகை. இணையக் கடையில் அப்படி நடந்தால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்காட்டி நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய். சேலை பிடிக்காமல் திருப்பி அனுப்பியதற்கு இது பொருந்தாது. ஆனால் “பணம் போச்சு, ஆர்டர் பதிவாகலை” என்று ஒருவர் எழுதினால் இந்த உரிமையை நீங்களே அவருக்குச் சொல்லுங்கள். உங்களுக்கு அதனால் நஷ்டம் ஏதுமில்லை.

கடைக்கும் ஒரு கெடு உண்டு. 2020-இன் மின்வணிக விதிகளின்படி குறை கேட்கும் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். தீராவிட்டால் வாடிக்கையாளருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. வங்கிதான் இழுத்தடிக்கிறது என்றால், வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லாதபோது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அங்கே கட்டணம் கிடையாது.