போஸ்டரின் கடைசி நாலு வரி

கல்லூரி கல்ச்சுரல்ஸ் போஸ்டர் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உச்சியில் விழாவின் பெயர், அதற்குக் கீழே மேடையேறப் போகும் பாடகரின் படம், பக்கத்தில் ஸ்பான்சர்களின் முத்திரைகள். நடுவில் போட்டிப் பட்டியல். கடைசியில், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய அளவில் நாலு வரி: வெளிக் கல்லூரி மாணவர்களுக்கு அடையாள அட்டை கட்டாயம், கேட் திறக்கும் நேரம், பாஸ் யாருக்கு, பணம் திருப்பித் தரப்படாது. விழாவை நடத்துகிறவர்களுக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழ். பாடகர் பெயரைப் பெரிதாகப் போட யாருக்கும் தெரியும். விழா ஒழுங்காக நடந்து முடியுமா என்பது அந்தக் கடைசி நாலு வரியில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த வகை விழாக்களுக்கு நல்ல வயதாகிவிட்டது. சென்னை ஐஐடியின் சாரங் 1974இல் மார்டி கிராஸ் என்ற பெயரில் ஆரம்பித்து, 1996இல் இன்றைய பெயருக்கு மாறியது. திருச்சி என்ஐடியின் ஃபெஸ்டம்பர் 1975இலிருந்து நடக்கிறது. பகலில் போட்டிகள், இரவில் பெரிய கலைஞர்களின் மேடை. மாணவர்கள் ‘ப்ரோஷோ’ என்று சொல்வது இந்த இரவு நிகழ்ச்சியைத்தான். மாவட்டத் தலைநகரில் இருக்கும் கலைக் கல்லூரி வரை இதே அச்சுதான், அளவு மட்டும் சிறியது.

போட்டிப் பட்டியலை முதலில் பார்ப்போம், ஏனென்றால் வெளிக் கல்லூரி அணிகளை இழுப்பது அதுதான். லைட் மியூசிக், குரூப் டான்ஸ், மைம், ரங்கோலி, பட்டிமன்றம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. கல்லூரி வளாகத்துக்கு வெளியே அதிகம் கேள்விப்படாதவையும் உண்டு. அடாப்டியூனில் ஒரு பாட்டின் வரிகளை இன்னொரு பாட்டின் மெட்டில் பாடிக் காட்ட வேண்டும். தாலாட்டு வரிகளைக் குத்துப்பாட்டு மெட்டில் ஏற்றும்போது அரங்கு சிரிக்காமல் இருக்காது. ஷிப்ரெக்கில் கப்பல் மூழ்குகிறது, காப்பாற்ற இருப்பது ஒரே ஒரு இடம். ஆளுக்கொரு பிரபலத்தின் வேஷத்தில் நின்று, ‘என்னைத்தான் காப்பாற்ற வேண்டும்’ என்று கேப்டனிடம் வாதாட வேண்டும். அட்ஜாப்பில் யாரும் வாங்க விரும்பாத ஒரு பொருளைக் கொடுத்து அப்போதே விளம்பரம் நடிக்கச் சொல்வார்கள்.

வருகிற அணிக்கு இந்தப் பெயர்களை விட முக்கியமான விவரங்கள் வேறு. அணிக்கு எத்தனை பேர், நேரம் எவ்வளவு, அந்த நேரத்தில் மேடை அமைப்பதும் அடக்கமா, பாட்டுக்குத் தனி ட்ராக் கொண்டுவரலாமா, எந்த மொழி. இவை இல்லாத பட்டியலைப் போட்டால் ஒருங்கிணைப்பாளர் போன் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். ஓடி கடிதம், அதாவது விழாவுக்கு வந்த நாளுக்கு வருகைப்பதிவு தரச் சொல்லும் கடிதம் கிடைக்குமா என்பதையும் சேர்க்க வேண்டும். பாதி பேர் அதைக் கேட்ட பிறகுதான் கிளம்புவார்கள்.

இன்னொரு சிக்கல், மோதல். சின்னக் கல்லூரி பத்துப் பேரை அனுப்பும்; அந்தப் பத்துப் பேர்தான் எல்லாப் போட்டியிலும். குரூப் டான்ஸும் அடாப்டியூனும் ஒரே நேரத்தில் வந்தால் அந்தக் கல்லூரி ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். ஓவரால் கோப்பை கைக்கு எட்டாது என்று தெரிந்தால் அடுத்த வருஷம் வரமாட்டார்கள். அனுபவமுள்ள குழுக்கள் பட்டியலை எழுதும்போதே யார் எதில் சேருவார்கள் என்று யோசித்து நேரம் பிரிக்கும். குரூப் டான்ஸைக் கடைசி நாள் சாயங்காலம் வைப்பதும் இதே கணக்குதான். கோப்பை யாருக்கு என்பது அதுவரை தெரியாது, அதனால் அணிகள் கிளம்பாது.

ஆனால் அங்கேதான் நேரம் கைநழுவும். 20 அணிகள், அணிக்கு 6 நிமிஷம் என்றால் இரண்டு மணி நேரம் என்று தாளில் எழுதிவிடுவார்கள். ஒரு அணி இறங்கி அடுத்த அணி ஏற 2 நிமிஷமாவது ஆகும், அதை யாரும் எண்ணுவதில்லை. அது மட்டுமே 40 நிமிஷம். நடுவர் தாமதம், மைக் கோளாறு, சிறப்பு விருந்தினர் உரை எல்லாம் தனி. தாமதம் முழுவதும் போய் விழுவது இரவு நிகழ்ச்சியின் தலையில். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. குறிப்பிட்ட சில நாட்களுக்கு மாநில அரசு தளர்வு தரலாம், அதை நம்பி யாரும் போஸ்டர் அடிக்க முடியாது. 7 மணிக்கு ஏற வேண்டிய பாடகர் எட்டரைக்கு ஏறினால், பேசிய சம்பளம் முழுதாகக் கொடுத்துவிட்டுப் பாதிக் கச்சேரி கேட்க வேண்டியதுதான்.

அடுத்தது டிக்கெட். 499 ரூபாய் என்று அடிக்கடி பார்க்கிறோம். செருப்புக் கடைத் தந்திரம் மட்டும் இல்லை அது. இசை நிகழ்ச்சிக்கான நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதைத் தாண்டினால் 18 சதவீதம். ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர்கள் வெளியாட்களுக்கு 499க்கு விற்றால் முழுப் பணமும் விழாக் கணக்குக்கு வரும். ஆசைப்பட்டு, வரி உட்பட 599 என்று வைத்தால் வரி போக நிற்பது ஏறக்குறைய 507. வாங்குகிறவர் நூறு ரூபாய் கூடக் கொடுப்பார், நடத்துகிறவருக்குக் கூடுவது எட்டு ரூபாய் சொச்சம்.

விலையை விடக் கடினமான கேள்வி, எத்தனை டிக்கெட் விற்பது. ஒரு கல்லூரி மைதானத்தை எடுத்துக்கொள்வோம், 60 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். 3,000 சதுர மீட்டர். மேடை, அதன் முன் தடுப்பு, நடுவில் ஒலிக் கட்டுப்பாட்டு மேசை, ஆம்புலன்ஸ் போகும் வழி எல்லாம் கழித்தால் 2,000 மிஞ்சும். சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்றால் கை காலை அசைத்து ஆடலாம். நாலு பேர் என்றால் நெரிசல், ஐந்தைத் தாண்டினால் கூட்டம் தானாக அலை மாதிரி நகரும். உள்ளே இருப்பவர் நினைத்தாலும் நிற்க முடியாது. ஆகவே 4,000 பேர்தான் வரம்பு. சொந்த மாணவர்கள் 2,500 என்றால், வெளியே விற்க 1,500தான். ‘இடம் நிறைய இருக்கு, இன்னும் ஐந்நூறு விடலாமே’ என்று யாராவது சொல்வார்கள், பெரும்பாலும் பட்ஜெட் பார்க்கிறவர்.

இந்த 4,000 பேரும் கேட் வழியாக வர வேண்டும். டிக்கெட்டை ஸ்கேன் செய்து, அடையாள அட்டை பார்த்து, பையைத் திறந்து, கையில் பட்டை கட்ட ஆளுக்குப் பத்து வினாடி வைத்தால் ஒரு வரிசையில் மணிக்கு 360 பேர். நாலு வரிசை போட்டாலும் எல்லோரும் உள்ளே வர இரண்டே முக்கால் மணி நேரம். நிகழ்ச்சி 7 மணிக்கு என்றால் கேட் 3.30 மணிக்கே திறந்தாக வேண்டும், ‘6.30க்குப் பிறகு அனுமதி இல்லை’ என்பது போஸ்டரில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அது கண்ணில் படாவிட்டால் பாதிப் பேர் ஆறரைக்குத்தான் ஆட்டோவை விட்டு இறங்குவார்கள்.

கேட் விஷயத்தில் அலட்சியம் என்ன செய்யும் என்பதற்கு 2023 நவம்பர் 25 சாட்சி. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் திஷ்ணா விழா. திறந்தவெளி அரங்கில் நிகிதா காந்தியின் கச்சேரி. ‘ஐ’ படத்தில் ‘லேடியோ’ பாடியவர். மாணவர்களைக் கட்டம் கட்டமாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மழை. வெளியே காத்திருந்தவர்கள் ஒதுங்க இடம் தேடி ஒரே வாசல் வழியாக உள்ளே பாய்ந்தார்கள். வாசலைத் தாண்டியதும் செங்குத்தான படிகள். முன்னால் இருந்தவர்கள் தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் விழுந்தார்கள். நாலு பேர் இறந்தார்கள். மூன்று பேர் அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள், ஒருவர் வெளியே இருந்து வந்தவர். கச்சேரி தொடங்கவே இல்லை, அரங்கும் நிரம்பியிருக்கவில்லை. உள்ளே எத்தனை பேருக்கு இடம் என்று கணக்குப் போடுவது மட்டும் போதாது. வெளியே நிற்பவர்கள் எங்கே நிற்பார்கள், மழை வந்தால் எங்கே ஒதுங்குவார்கள், வாசல் எதில் போய் முடிகிறது என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

கூட்டத்தைக் கூட்டுவது டீசர். முகம் தெரியாத நிழலுருவம், ‘யார் என்று ஊகியுங்கள்’, நாலு வினாடி இசைத் துணுக்கு என்று அதை இழுத்துக்கொண்டே போவார்கள். மாணவர்களின் குறும்பு என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் ஒப்பந்தம் முடியாததுதான் காரணம். முன்பணம் போய்ச் சேரும் வரை கலைஞரின் மேலாளர் பெயரை வெளியிட விடமாட்டார். எந்தப் படத்தைப் போடலாம், எந்த ஸ்பான்சரின் முத்திரை பக்கத்தில் வரக்கூடாது என்பதற்கும் அவர் ஒப்புதல் வேண்டும். அதே ஊரில் கட்டண நிகழ்ச்சி ஒன்று ஒப்புக்கொண்டிருந்தால், அந்த டிக்கெட் விற்றுத் தீரும் வரை கல்லூரிப் பெயரைச் சொல்லாதீர்கள் என்பதும் உண்டு. நிழலுருவத்தைப் பார்த்து மாணவர்கள் இன்னாரென்று முடிவுகட்டிவிட, கடைசியில் வேறொருவர் வந்தால் அன்றைக்கு வாட்ஸப்பில் விழும் திட்டு விழாக் குழுவுக்குத்தான்.

என் கருத்தில், பெயரை எப்போது சொல்வது என்பதை டிக்கெட் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்ய வேண்டும். மேலே சொன்ன கல்லூரிக்கு வெளியே விற்க 1,500 டிக்கெட்தான். போட்டிக்குப் பதிவு செய்யும் அணிகளுக்கு முதல் ஆயிரத்தைப் பெயர் சொல்வதற்கு முன்பே ஒதுக்கிவிடலாம். பெயர் வெளியானதும் மீதி ஐந்நூறு ஒரே ராத்திரியில் போய்விடும். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு ரீலும் டிக்கெட் இல்லாதவர்களைத்தான் கேட்டுக்குக் கூப்பிடுகிறது. அந்தக் கட்டத்தில் டீசரை நிறுத்திவிட்டு, பாடகரின் முகத்தைப் போட்ட அதே அளவில் ‘பாஸ் தீர்ந்துவிட்டது, வாசலில் டிக்கெட் கிடையாது, நேரலை இங்கே’ என்று வெளியிட வேண்டும். கல்லூரிப் பக்கத்திலும், பஸ் ஸ்டாப்பிலும், வாசல் டீக்கடைச் சுவரிலும் அதை ஒட்ட வேண்டும். ஸ்பான்சருக்கு இது பிடிக்காது, கூட்டம் குறைந்துவிடும் என்பார். அவர் முத்திரையையும் அதிலேயே போட்டுவிட்டால் சம்மதித்துவிடுவார்.