ஷா போட்ட கையெழுத்து

"மன்னரையே துரத்திட்டாங்க. அவர் போட்ட ஒப்பந்தம் மட்டும் எப்படிக்கா நிக்கும்?" சர்வதேசச் சட்டத்தை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கும் மாணவனின் கேள்வி. இறுதியாண்டு மாணவி ஈரானைக் காட்டிப் பதில் சொன்னாள்.

"1955-ல அமெரிக்காவோட நட்பு ஒப்பந்தம் போட்டது ஷாவோட அரசு. ஆனா கட்டுப்பட்டது ஈரான்ங்கிற நாடு. 1979-ல ஆட்சி மாறிச்சு. நாடு அதே நாடுதான். அந்த வருஷம் நவம்பர்ல அமெரிக்கத் தூதரகத்தைப் பிடிச்சாங்க. அமெரிக்கா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போச்சு. 1980 மே மாதம் வந்த தீர்ப்பு, அந்த ஒப்பந்தம் இன்னும் உயிரோட இருக்குன்னு சொல்லிச்சு."

"அது ஜெயிச்சவங்களுக்குச் சாதகமான பேச்சு."

"அப்படின்னா 1992-ஐப் பாரு. ஈரான்-ஈராக் போரின் கடைசி வருஷங்கள்ல தன்னோட எண்ணெய் மேடைகளை அமெரிக்கக் கடற்படை தகர்த்துச்சுன்னு ஈரான் வழக்குப் போட்டுச்சு. எதை வச்சு? ஷாவோட அதே ஒப்பந்தத்தை வச்சு. அதுல இருக்கற 21-வது பிரிவுதான் நீதிமன்றக் கதவைத் திறந்துச்சு. 2003-ல ஈரானுக்கு இழப்பீடு கிடைக்கல. ஆனா ஒப்பந்தம் செத்துப் போச்சுன்னு ரெண்டு பேருமே சொல்லல."

இந்த இடத்தில் அவன் விடவில்லை. மக்களைக் கேட்காமல் ஒரு சர்வாதிகாரி எழுதிக் கொடுத்ததை மக்கள் ஏன் சுமக்க வேண்டும் என்றான். நியாயமான கோபம். புரட்சி செய்த ஈரானுக்கும் அது இருந்தது. சோவியத் படைகள் தன் மண்ணுக்குள் நுழைய இடம் கொடுத்த 1921 ஒப்பந்தத்தின் இரு பிரிவுகள் செல்லாது என்று 1979-லேயே அறிவித்தது. சோவியத் யூனியன் ஏற்கவில்லை.

"அப்போ வெளியே வர வழியே இல்லையா?"

"இருக்கு. சூழ்நிலை அடியோட மாறிடுச்சுன்னு 1969 வியன்னா உடன்படிக்கையோட 62-வது பிரிவுப்படி வாதாடலாம். ஆனா ஒப்பந்தம் போட்டப்போ எதை நம்பிப் போட்டாங்களோ, அதுவே மாறியிருக்கணும். பாக்கியிருக்கற கடமையோட தன்மையே தலைகீழா ஆகியிருக்கணும். ஆட்சி மாற்றம் மட்டும் போதாது. சுலபமான வழி, ஒப்பந்தத்துலயே இருக்கற விலகும் பிரிவு. 1955 ஒப்பந்தத்துல ஒரு வருஷம் முன்கூட்டி எழுத்துல சொன்னா விலகலாம்."

"ஈரான் விலகுச்சா?"

"இல்ல. 2018 அக்டோபர்ல விலகுறோம்னு அறிவிச்சது அமெரிக்கா! தடைகளை எதிர்த்து ஈரான் போட்ட வழக்குல, அமெரிக்காவுக்கு எதிரா இடைக்கால உத்தரவு வந்த அதே நாள்ல."

"அதோட ஈரானோட வழக்குகளும் போச்சா?"

"போகல. ஒப்பந்தம் உயிரோட இருந்தப்போ தொடுத்த வழக்கைப் பின்னால வர்ற விலகல் அழிக்காது. தன் சொத்துகள் பத்தி 2016-ல ஈரான் போட்ட வழக்குல, 2023 மார்ச்ல தீர்ப்பு வந்துச்சு. மத்திய வங்கி பத்தின கோரிக்கையை விசாரிக்க அதிகாரம் இல்லைன்னு நீதிமன்றம் ஒதுக்கிடுச்சு. மத்தபடி அமெரிக்கா சில பிரிவுகளை மீறியிருக்கு, ஈரானுக்கு இழப்பீடு தரணும்னு சொல்லிச்சு."