ஒன்பது கணக்கு, ஒரே வங்கி: ஐந்து லட்சம் எத்தனை முறை?

வங்கி நொடித்துப் போனால் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு என்பது ஏரல் கடைத்தெருவில் பலருக்கும் தெரிந்த செய்திதான். அந்த 5 லட்சம் எதற்கு என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். ஒரு ரசீதுக்கு 5 லட்சம் என்பார் ஒருவர், ஒரு கிளைக்கு என்பார் இன்னொருவர். குடும்பத்துக்கே மொத்தம் 5 லட்சம்தான் என்று நினைத்து மீதியைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறவரும் உண்டு. மூன்றுமே தப்பு.

இந்தக் காப்பீட்டைத் தருவது ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமான வைப்பு காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம். 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1961-இல் சட்டம் வந்தது. 1962-இல் வரம்பு வெறும் 1,500 ரூபாய். 1993 முதல் 1 லட்சமாக இருந்து, 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சமானது. பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது. நாம் ஒரு பைசா தர வேண்டியதில்லை, மனு எழுதிக் கொடுக்கவும் வேண்டாம்.

அந்தக் கழகம் பார்ப்பது ரசீதையோ கிளையையோ அல்ல. ஒரே வங்கியில், ஒரே தகுதியிலும் ஒரே உரிமையிலும் ஒருவர் வைத்திருக்கும் பணம் முழுவதையும் ஒரே கட்டாகக் கட்டி, அந்தக் கட்டுக்கு 5 லட்சம் என்று கணக்கிடுகிறது. எனவே நம்மிடம் எத்தனை பாஸ்புக் இருக்கிறது என்பதைவிட, எத்தனை கட்டு இருக்கிறது என்பதே கேள்வி.

ஏரலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். எல்லாக் கணக்கும் ஒரே வங்கியில். தன் பெயரில் சேமிப்புக் கணக்கில் 1,40,000 ரூபாய், ஏரல் கிளையில் 3,00,000-க்கு ஒரு எஃப்டி, ஸ்ரீவைகுண்டம் கிளையில் 2,00,000-க்கு இன்னொன்று. கடைப் பெயரில் கரண்ட் அக்கவுண்டில் 1,60,000. கடைக்கு அவர் ஒருவரே உரிமையாளர்.

இங்கேதான் வியாபாரிகள் பலரும் சறுக்குகிறார்கள். கடைப் பெயர் வேறு, தன் பெயர் வேறு, ஆகவே இரண்டு 5 லட்சம் என்று எண்ணுகிறார்கள். தனி உரிமையாளர் கடை என்றால் அந்தப் பணமும் அவருடைய பணமேதான். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் கட்டு ஒன்றே. கிளை வேறு என்பதும் எடுபடாது. நான்கையும் கூட்டினால் 8,00,000. காப்பீடு 5,00,000, வெளியே நிற்பது 3,00,000.

அடுத்தது கூட்டுக் கணக்கு. அண்ணாச்சி முதல் பெயர், மனைவி இரண்டாம் பெயர் என்று ஒரு எஃப்டி 4,00,000, ஒரு சேமிப்புக் கணக்கு 50,000. பெயர்கள் ஒரே வரிசையில் இருப்பதால் இரண்டும் சேர்ந்து தனிக்கட்டு, 4,50,000. மனைவி முதல் பெயர், அண்ணாச்சி இரண்டாம் பெயர் என்று 3,00,000-க்கு மற்றொரு எஃப்டி. ஆட்கள் அதே இருவர்தான், ஆனால் வரிசை மாறிவிட்டதால் இது இன்னொரு கட்டு. கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும் கழகத்தின் விதி அப்படித்தான். அண்ணாச்சியின் சொந்தக் கட்டோடு இவை எதுவும் சேராது. நாமினியாக யாரைப் போட்டிருக்கிறார் என்பது மட்டும் கணக்கை மாற்றாது. நாமினி டெபாசிட்தாரர் அல்லவே.

சிறுமியான மகளுக்குக் காப்பாளராக இருந்து போட்ட 1,20,000 தனி. தம்பியோடு கூட்டாக நடத்தும் அரிசி ஆலையின் கரண்ட் அக்கவுண்டில் 6,00,000 இருக்கிறது. கூட்டு நிறுவனம் என்பதால் அதுவும் தனி, ஆனால் அதற்கும் உச்சவரம்பு 5,00,000.

ஒன்பது கணக்கில் மொத்தம் 22,70,000 ரூபாய். கட்டுகளோ ஐந்துதான். காப்பீட்டுக்குள் வருவது 5,00,000, 4,50,000, 3,00,000, 1,20,000, 5,00,000, ஆக 18,70,000. வெளியே 4,00,000.

இந்தக் கணக்கு போட்ட நாளோடு நின்றுவிடாது. 5 லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்த்துத்தான். கூட்டுக் கட்டில் உள்ள 4,00,000 ரூபாய் எஃப்டிக்கு ஆண்டுக்கு 7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவட்டி என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஆண்டில் அது சுமார் 4,59,550 ஆகிவிடும். சேமிப்பின் 50,000-ஐச் சேர்த்தால் வரம்பு ஒன்பதாயிரத்துச் சொச்சம் தாண்டிவிட்டது. முதிர்வின்போது வட்டி வாங்குகிறவர்கள் அசலை 5 லட்சத்துக்குச் சரியாகப் போடாமல் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

கடன் இருந்தால் கணக்கின் வரிசை முக்கியம். 2023 டிசம்பர் வெள்ளம் ஏரலைப் புரட்டிப்போட்ட பிறகு கடையைத் திரும்ப நிறுத்த அண்ணாச்சி அதே வங்கியில் தன் பெயரில் கடன் வாங்கி, 2,00,000 பாக்கி இருக்கிறது என்போம். வங்கி அதைக் கழித்துக்கொள்ள உரிமை உண்டு. ஆனால் கழிப்பது 5 லட்சத்திலிருந்து அல்ல, டெபாசிட்டிலிருந்து. 8,00,000-இல் 2,00,000 போக 6,00,000, அதற்குக் காப்பீடு 5,00,000. கடனும் தீர்ந்தது, வெளியே நிற்பதும் 1 லட்சமாகக் குறைந்தது. டெபாசிட்டே 4,00,000, கடன் 3,00,000 என்றால் கதை வேறு. கையில் வருவது 1,00,000தான்.

வங்கி முடங்கினால் நடப்பது என்ன? 2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது டெபாசிட்தாரர்கள் இரண்டு ஆண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள். 2022 ஜனவரியில் அது யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைந்தபோது, 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்த தனிநபர்களுக்கு மீதி 10 ஆண்டு வரை தவணையாக என்று ஆனது. வரம்புக்கு வெளியே நிற்கும் பணத்தின் நிலை அதுதான்: உரிமை போய்விடாது, எப்போது, எவ்வளவு என்பதுதான் நிச்சயமில்லை.

2021 செப்டம்பர் 1 முதல் சட்டம் மாறிவிட்டது. பணம் எடுக்கத் தடையோடு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தாலே, லைசென்ஸ் ரத்தாகும்வரை காத்திராமல், பொதுவாக 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை வர வேண்டும். முதல் 45 நாளில் வங்கி பட்டியல் தர வேண்டும், அடுத்த 30 நாளில் கழகம் சரிபார்க்க வேண்டும், மீதி 15 நாள் பட்டுவாடாவுக்கு. வங்கியை மீட்கும் திட்டம் நடந்துகொண்டிருந்தால் இன்னும் 90 நாள் வரை தள்ளலாம். அந்த நேரத்தில் நாம் செய்ய வேண்டியது, கிளைக்குப் போய் விருப்பப் படிவத்தில் கையெழுத்திட்டு, அடையாளச் சான்றையும் வேறு வங்கியில் உள்ள கணக்கின் எண்ணையும் கொடுப்பது. படிவம் கொடுக்காதவர் பெயர் அந்தப் பட்டுவாடாவில் நின்றுபோகலாம்.

அண்ணாச்சிக்கு யோசனை கேட்டால், பெயர் வரிசையை மாற்றி மாற்றிப் போடுவதைவிட வெளியே நிற்கும் 4 லட்சத்தை இன்னொரு வங்கிக்கு மாற்றச் சொல்வேன். வங்கி மாறினால் 5 லட்சம் புதிதாகத் தொடங்கும், குழப்பமும் இல்லை. ஆனால் அது காப்பீடு உள்ள வங்கிதானா என்று முதலில் பார்க்க வேண்டும். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு உண்டு. ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட டெபாசிட்டுக்கும், நிதி நிறுவனத்துக்கும், சீட்டுக் கம்பெனிக்கும் இந்தக் கழகத்தின் காப்பீடு இல்லை. காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியல் dicgc.org.in தளத்தில் இருக்கிறது.